இரண்டு மலைகளைப் பார்த்து, வரைபடத்தில் நாம் நிற்கும் இடத்தைக் குறிப்பது எப்படி?

கையில் ஒரு தாள் வரைபடமும் திசைகாட்டியும் இருந்து, பெயர் தெரிந்த இரண்டு மலைகள் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். நாம் நிற்கும் இடத்தை வரைபடத்தில் நூறு, நூற்றைம்பது மீட்டர் வித்தியாசத்துக்குள் குறித்துவிடலாம். என்.சி.சி.யில் மேப் ரீடிங் படித்தவர்கள் இதை ரீசெக்‌ஷன் என்பார்கள். ஒவ்வொரு மலையும் வடக்கிலிருந்து எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று திசைகாட்டியில் பார்க்கிறோம். வரைபடத்தில் அந்த மலையிலிருந்து அதே கோணத்தில் நம் பக்கமாக ஒரு கோடு இழுக்கிறோம். இரண்டு மலைகளிலிருந்தும் வரும் கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ, அங்கேதான் நிற்கிறோம்.

முறை இவ்வளவுதான். ஆனால் இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நிறைய நாள் பிடித்தது. கணக்கு கஷ்டம் என்பதால் இல்லை. எந்த வரைபடத்தை எங்கே வாங்குவது, அதை எப்படி அச்சிடுவது, எந்தத் திசைகாட்டி நம் ஊருக்குச் சரிப்படும், எந்த இரண்டு மலைகளைத் தேர்ந்தெடுப்பது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்குச் செஞ்சியை எடுத்துக்கொள்கிறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று கோட்டை மலைகள் சமவெளியில் தனித்தனியாக நிற்பதால், முதல் பயிற்சிக்கு அதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியாது.

1. வரைபடத்தைத் தயார் செய்யுங்கள்

நமக்கு வேண்டியது சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் 1:50,000 அளவு டோப்போஷீட். onlinemaps.surveyofindia.gov.in என்ற தளத்தில் பதிவு செய்துகொண்டு, இந்த அளவுத் தாள்களைப் பி.டி.எஃப். கோப்பாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பதிவு செய்யும் வேலையைக் கிளம்பும் நாள் காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். தளம் சில நேரம் மெதுவாகத்தான் ஓடும். ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

இந்த அளவில் வரைபடத்தின் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. ஒரு தாள் அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் 15 நிமிடங்களை அடக்கும். அதாவது நம் ஊர்ப்பகுதியில் பக்கத்துக்கு ஏறக்குறைய 27 கி.மீ. உள்ள சதுரம். ஓரங்களைச் சேர்க்காமலேயே சுமார் 55 செ.மீ. வரும் என்பதால், முழுத்தாளையும் அச்சிட ஏ1 காகிதம் தேவை. கட்டட பிளான் அச்சிடும் கடைகளில் அந்த வசதி இருக்கும். உங்களுக்கு வேண்டிய பகுதியை மட்டும் ஏ3 தாளில் அச்சிட்டால் செலவு மிகவும் குறையும். அதில் 14 கி.மீ.க்கு 20 கி.மீ. அளவு இடம் அடங்கும். பயிற்சிக்கு அது தாராளம்.

பெரும்பாலானவர்கள் வழுக்கி விழும் இடம் இந்த அச்சுக்கடைதான். கடைக்காரர் தாளில் அடங்கட்டும் என்று Fit என்பதைத் தட்டிவிடுவார். படம் சில சதவீதம் சுருங்கும். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கோணங்கள் கெடாது, ஆனால் தூரங்கள் எல்லாம் பொய்யாகிவிடும். Actual size அல்லது 100% என்று வைக்கச் சொல்லுங்கள். அச்சு வந்ததும், பணம் கொடுக்கும் முன்பே, தாளின் அளவுகோட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 5 கி.மீ. என்று போட்ட கோடு சரியாக 10 செ.மீ. இருக்க வேண்டும். ஒரு பகுதியை மட்டும் அச்சிடும்போது அளவுகோடு வெட்டுப்பட்டுவிடும் என்பதால், அதை ஒரு மூலையில் சேர்த்து அச்சிடச் சொல்வது நல்லது.

இன்னொன்றும் வெட்டுப்படும். தாளின் இடது, வலது விளிம்புகள் தீர்க்கரேகைகள். அதாவது அவை நேராக வடக்கைக் காட்டுபவை. நடுப்பகுதியை மட்டும் எடுத்தால், வடக்கு எது என்று சொல்லும் கோடே தாளில் இல்லாமல் போகலாம். எனவே ஒரு விளிம்போ, செங்குத்தாக ஓடும் கட்டக் கோடோ உள்ளே வரும்படி வெட்டுங்கள். வீட்டிலேயே அதற்கு இணையாக 4 செ.மீ. இடைவெளியில் பென்சிலால் மெல்லிய வடக்குக் கோடுகளைப் போட்டு வையுங்கள். வயல்வெளியில் காற்றடிக்கும்போது இந்தக் கோடுகளின் அருமை தெரியும்.

கட்டக் கோட்டின் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றா என்று சிலர் கேட்பார்கள். கொஞ்சம் வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டில் அது அரை டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். கையில் பிடிக்கும் திசைகாட்டியில் ஒரு டிகிரியையே உறுதியாகப் படிக்க முடியாது என்பதால், அதை விட்டுவிடலாம்.

2. திசைகாட்டியை வாங்கும் முன் சோதியுங்கள்

இரண்டு வகை போதும். ஒன்று, அடியில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தட்டும் மேலே சுழலும் வட்டமும் உள்ள தட்டுத் திசைகாட்டி. இன்னொன்று, கண்ணருகே பிடித்துப் பட்டகம் வழியாகக் கோணத்தைப் படிக்கும் பிரிஸ்மாட்டிக் திசைகாட்டி. புதியவர்களுக்குத் தட்டு வகை எளிது. பழகிய கைக்குப் பிரிஸ்மாட்டிக் அதிகத் துல்லியம் தரும். சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை கிடைக்கிறது. விலையைவிட ஊசி எப்படி ஓடுகிறது என்பதுதான் முக்கியம்.

ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் என்று செய்த திசைகாட்டிகள் நம் ஊரில் சரியாக ஓடாமல் போவதுண்டு. அங்கே பூமியின் காந்தப்புலம் செங்குத்துக்கு நெருக்கமான சாய்வில் தரைக்குள் இறங்கும். அது ஊசியின் வடமுனையைக் கீழே இழுக்கும். அதைச் சமன் செய்யத் தென்முனையில் கொஞ்சம் எடை சேர்த்திருப்பார்கள். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் வந்ததற்கும் அந்தக் கோடு பக்கத்தில் இருப்பதுதான் காரணம். ஆகவே நமக்குக் காந்தப்புலம் கிட்டத்தட்டப் படுக்கையாகவே இருக்கிறது. அந்த ஐரோப்பிய ஊசி இங்கே வந்தால் சேர்த்த எடையால் தென்முனை தாழ்ந்து, உறையில் உரசிக்கொண்டு, போன இடத்திலேயே நின்றுவிடும்.

சோதனை எளிது. திசைகாட்டியைச் சமமாகப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து ஊசியைப் பாருங்கள். இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பிறகு ஓர் இரும்புச் சாவியை அருகே கொண்டுபோய் ஊசியை விலக்கி, சாவியை எடுத்துவிடுங்கள். ஊசி பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். நான்கைந்து முறை செய்தும் அதே எண்ணில் வந்து நின்றால் வாங்கலாம். ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு டிகிரி மாறினால் வைத்துவிட்டு வாருங்கள்.

கோணமானியும் வேண்டும். 360 டிகிரி வட்டக் கோணமானி கிடைத்தால் நல்லது. பள்ளி ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் அரைவட்டம் இருந்தாலும் சமாளிக்கலாம். கூர்மையான பென்சில், 30 செ.மீ. ஸ்கேல், அடியில் வைக்க ஒரு பரீட்சை அட்டை. அட்டையின் கிளிப் இரும்பு. கோணம் எடுக்கும்போது அட்டையைக் கீழே வைத்துவிட்டு நாலு அடி தள்ளி வந்துவிடுங்கள்.

3. எந்த இரண்டு மலைகள்?

விடையின் தரத்தை முடிவு செய்வது இந்தப் படிதான். நிதானமாகப் படியுங்கள்.

முதல் நிபந்தனை, அடையாளம் வரைபடத்திலும் இருக்க வேண்டும், கண்ணுக்கும் தெரிய வேண்டும். இறக்கிய தாளின் அடிப்படை அளவீடு பல ஆண்டுகள் பழையதாக இருக்கலாம். செல்போன் டவர், புதிய கல்யாண மண்டபம், புறவழிச்சாலை மேம்பாலம் இவற்றைத் தாளில் தேடினால் கிடைக்காது. மலை உச்சி, பழைய கோயில், ஏரிக்கரையின் முனை போன்றவை நம்பகமானவை.

இரண்டாவது, அடையாளம் ஒரு புள்ளியாக இருக்க வேண்டும். மதுரை யானைமலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். ஆனால் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு படுத்திருக்கும் பாறை அது. அதன் எந்த இடத்தைப் பார்த்துக் கோணம் எடுத்தோம் என்று வரைபடத்தில் சொல்லவே முடியாது. மீனாட்சியம்மன் கோயிலை எடுத்தால், வெளிக்கோபுரங்களே நான்கு. தூரத்திலிருந்து எது தெற்குக் கோபுரம், எது மேற்குக் கோபுரம் என்று குழம்பும். செஞ்சியில் இந்தத் தொல்லை குறைவு. ராஜகிரி, கிருஷ்ணகிரி இரண்டின் தலையிலும் கட்டடங்கள் தெரிவதால் உச்சி எது என்று சந்தேகம் வராது. பொதுவாகச் சமவெளியிலிருந்து ஒரு மலையைப் பார்க்கும்போது, உச்சியை மறைத்துக்கொண்டு முன்னால் நிற்கும் தோளையே உச்சி என்று எடுத்துக்கொள்வோம். மலையின் அடிவாரத்துக்கு மிக நெருக்கமாக நின்றால் இது கட்டாயம் நடக்கும். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

மூன்றாவது, இரண்டு மலைகளுக்கும் நடுவே நல்ல கோணம் இருக்க வேண்டும். 90 டிகிரி என்றால் மிகச் சிறப்பு. 45க்கு மேல் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். 30க்குக் கீழே போனால் வேறு மலை தேடுங்கள். 150ஐத் தாண்டினாலும் இதே கதைதான். ஒரு மலை முன்னாலும் இன்னொன்று முதுகுக்கு நேர் பின்னாலும் இருந்தால் இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒரே கோடாகிவிடும்.

ஏன் என்பதை எண்ணில் பாருங்கள். ஒரு டிகிரி தவறு, ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டு விலகலைத் தரும். ராஜகிரி 2.7 கி.மீ. தள்ளி இருக்கிறது, உச்சிக்குப் பதில் தோளைப் பார்த்துவிட்டதால் 3 டிகிரி தவறு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோடு 140 மீட்டர் விலகும். இரண்டு கோடுகள் செங்குத்தாக வெட்டினால் நம் புள்ளியும் அதே 140 மீட்டர்தான் நகரும். 50 டிகிரியில் வெட்டினால் 180 மீட்டர் நகரும். 20 டிகிரியில் வெட்டினால் 400 மீட்டரைத் தாண்டிவிடும். தவறு ஒன்றுதான். கோணம் குறுக குறுக அதன் விளைவு பெருகுகிறது. தூரத்து மலையைவிடக் கிட்டத்து மலை மேல் என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது.

கோணத்தை அளக்கத் திசைகாட்டி வேண்டாம். கையை முழுவதும் நீட்டி, விரல்களை முடிந்தவரை அகல விரித்தால், கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஏறத்தாழ 20 டிகிரி. இரண்டு மலைகளுக்கு நடுவே இரண்டு சாண் கூட அடங்கவில்லை என்றால் யோசியுங்கள்.

4. கோணம் எடுப்பது

சரி, இடத்துக்கு வந்துவிட்டோம். செஞ்சி ஊருக்குக் கிழக்கே, வெளியே, வயல்பக்கம் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மலைகள் மேற்கிலும் வடமேற்கிலும் இருப்பதால் காலை நேரம் நல்லது. வெயில் நம் முதுகிலிருந்து போய் மலைமுகத்தில் விழும். மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டம் விலகும் வரை காத்திருங்கள். மழை பெய்து விட்ட மறுநாள் காலை மாதிரி தெளிவு வேறெப்போதும் கிடைக்காது.

நிற்கும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். பைக், கார், பம்புசெட், மின்கம்பி, இரும்பு வேலி எதுவும் பக்கத்தில் வேண்டாம். வண்டியிலிருந்து இருபது மீட்டராவது தள்ளிப் போங்கள். செல்போனைப் பைக்குள் போட்டு, பையைத் தூர வையுங்கள். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது, சில போன் உறைகளிலும் இருக்கிறது. பலர் வீட்டு மொட்டை மாடியில்தான் முதல் பயிற்சியை ஆரம்பிக்கிறார்கள். அது வேண்டாம். கான்கிரீட்டுக்குள் முழுக்கக் கம்பி. மாடியில் நாலு அடி நகர்ந்தாலே எண் மாறும், கற்றுக்கொள்பவர் தன் கையில்தான் கோளாறு என்று நினைத்து விட்டுவிடுவார்.

தட்டுத் திசைகாட்டி என்றால் மார்புக்கு நேராக, சமமாகப் பிடியுங்கள். தட்டின் அம்புக்குறி ராஜகிரி உச்சியைக் காட்டும்படி உடம்போடு திரும்புங்கள். கையை மட்டும் திருப்ப வேண்டாம். பிறகு வட்டத்தைச் சுழற்றி, ஊசியின் சிவப்பு முனையும் வட்டத்துக்குள் வரைந்த அம்பும் ஒன்றாகும்படி செய்யுங்கள். அம்புக்குறியின் அடியில் இருக்கும் எண்தான் கோணம். ஊசியின் வெள்ளை முனையை வைத்துப் படித்துவிட்டால் விடை 180 டிகிரி மாறிவிடும். அதனால் எண்ணை எழுதும் முன், மலை தோராயமாக எந்தத் திசையில் இருக்கிறது என்று சூரியனை வைத்து ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மேற்கே இருக்கும் மலைக்கு 105 என்று வந்தால் முனை மாறிவிட்டது. சில நேரம் வலுவான காந்தத்தின் அருகே கிடந்து ஊசியே தலைகீழாகக் காந்தமேறியிருக்கும். அதையும் இதே சோதனை காட்டிவிடும்.

ஒவ்வொரு மலைக்கும் மூன்று தடவை எடுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே திசைகாட்டியைக் கீழே இறக்கி, மறுபடி புதிதாகப் பிடிக்க வேண்டும். மூன்றில் நடு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் இரண்டு டிகிரிக்குள் இல்லை என்றால் இன்னும் மூன்று எடுங்கள்.

நம் உதாரணத்தில் கிடைத்த எண்கள் இவை என்று கொள்வோம். ராஜகிரி 285, கிருஷ்ணகிரி 335. கணக்கு ஓடும் விதத்தைக் காட்டுவதற்கான எண்கள் இவை. நீங்கள் நிற்கும் இடத்தில் உங்கள் எண்கள் வேறாக இருக்கும். நடுவே 50 டிகிரி இருக்கிறது, அது போதும்.

5. காந்த வடக்கிலிருந்து வரைபட வடக்குக்கு

திசைகாட்டி காட்டும் வடக்கு காந்த வடக்கு. தாளின் விளிம்பு காட்டுவது உண்மை வடக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காந்த விலகல் என்பார்கள். அது இடத்துக்கு இடம் மாறும், வருடத்துக்கு வருடமும் மெல்ல மாறும். பழைய தாளில் அச்சாகியிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அமெரிக்காவின் நோவா நிறுவனத்தின் இணையத்தளத்தில் காந்த விலகல் கணிப்பான் இருக்கிறது. உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதியைக் கொடுத்தால் இப்போதைய மதிப்பைச் சொல்லும். வீட்டிலேயே பார்த்துத் தாளின் மூலையில் எழுதிக்கொண்டு போங்கள். தமிழ்நாட்டில் அது இப்போது மேற்காக ஒன்று முதல் இரண்டு டிகிரி வரை இருக்கிறது. கணக்குக்கு 1.5 என்று வைத்துக்கொள்கிறேன்.

விலகல் மேற்காக இருந்தால், திசைகாட்டியின் எண்ணிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். கிழக்காக இருந்தால் கூட்ட வேண்டும். ராஜகிரி 285 − 1.5 = 283.5. கிருஷ்ணகிரி 335 − 1.5 = 333.5.

இங்கே இதை மறந்துவிட்டால் என்ன ஆகும்? நம் உதாரணத்தில் புள்ளி ஏறக்குறைய 70 மீட்டர் நகரும். கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டால் 140 மீட்டர். இங்கே அது பொறுக்கக்கூடியதுதான். ஆனால் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருப்பவர்களுக்கு விலகல் கிழக்காக 10 டிகிரிக்கும் மேல். அங்கே மறந்தால் அடுத்த பள்ளத்தாக்கில் நிற்பதாக வரைபடம் சொல்லும். ஊரில் பழகிவிட்டு வெளிநாட்டில் மலையேறப் போகிறவர்கள் இந்தப் படியை மட்டும் விடவே கூடாது.

அடுத்து, கோடு மலையிலிருந்து நம்மை நோக்கி வர வேண்டும் அல்லவா? நாம் எடுத்தது நம்மிடமிருந்து மலைக்குப் போகும் கோணம். அதைத் திருப்ப 180 கூட்டவோ கழிக்கவோ வேண்டும். 180க்கு மேல் இருந்தால் கழியுங்கள், கீழே இருந்தால் கூட்டுங்கள். ராஜகிரியிலிருந்து 103.5, கிருஷ்ணகிரியிலிருந்து 153.5. இந்த இரண்டு எண்களைத் தாளின் ஓரத்தில் மலைப் பெயரோடு எழுதுங்கள். மனக்கணக்கில் வைத்துக்கொண்டால் ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போட்டுவிடுவோம்.

6. கோடு இழுப்பது

கோணமானியின் மையப்புள்ளியை ராஜகிரி உச்சியின் மேல் வையுங்கள். சுழியம் வடக்கே பார்க்க வேண்டும். நீங்கள் போட்டு வைத்த பென்சில் கோடுகளுக்கு இணையாக அதைச் சரி செய்யுங்கள். கடிகாரம் சுற்றும் பக்கமாக எண்ணி 103.5க்கு நேராக ஒரு சிறு புள்ளி. மலை உச்சியையும் அந்தப் புள்ளியையும் ஸ்கேலால் சேர்த்து, கிழக்குத் தென்கிழக்காக நீளமாக இழுங்கள். அரைவட்டக் கோணமானி என்றால் வளைந்த பக்கம் கிழக்கே இருக்கும்படி வைக்க வேண்டும். அதில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். வடக்கில் சுழியம் தொடங்கும் வரிசையை மட்டும் படியுங்கள். இதேபோல் கிருஷ்ணகிரியிலிருந்து 153.5க்கு இன்னொரு கோடு.

வெட்டும் இடம் ராஜகிரியிலிருந்து 5.4 செ.மீ., கிருஷ்ணகிரியிலிருந்து 4 செ.மீ. கொஞ்சம் கூட வருகிறது என்றால், நாம் ராஜகிரிக்கு 2.7 கி.மீ. கிழக்குத் தென்கிழக்கே, கிருஷ்ணகிரிக்கு 2 கி.மீ. தென்தென்கிழக்கே நிற்கிறோம். ஒரு பொட்டு வைத்து, அதைச் சுற்றி 2 மி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். தரையில் அது 100 மீட்டர். "நான் இந்த வட்டத்துக்குள் இருக்கிறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். பொட்டை நம்பி வழி பிடிக்கக் கூடாது.

தட்டுத் திசைகாட்டி வைத்திருப்பவர்களுக்குக் கோணமானி இல்லாமலே ஒரு வழி உண்டு. திருத்திய எண்ணை, அதாவது 283.5ஐ, வட்டத்தில் வையுங்கள். தட்டின் நீள விளிம்பு ராஜகிரி உச்சியைத் தொடட்டும், அம்புக்குறி நம்மிடமிருந்து மலையைப் பார்த்தபடி இருக்கட்டும். உச்சியைத் தொட்டபடியே முழுத் தட்டையும் திருப்பி, வட்டத்துக்குள் இருக்கும் கோடுகள் தாளின் வடக்குக் கோடுகளுக்கு இணையாக, மேல்பக்கம் வடக்கே இருக்கும்படி நிறுத்துங்கள். விளிம்பை ஒட்டி நம் பக்கமாகக் கோடு இழுத்தால் முடிந்தது. இந்த முறையில் 180 கணக்குக்கு இடமே இல்லை. ஊசி எங்கே காட்டுகிறது என்பதையும் கவனிக்க வேண்டாம். இரண்டு முறைகளையும் கலந்து, 180 கழித்த எண்ணை வட்டத்தில் வைத்துவிடுபவர்கள் உண்டு. கோடு மலைக்கு அந்தப் பக்கம் ஓடும்.

7. சரிதானா என்று பார்ப்பது

எந்த இரண்டு கோடுகளும், இணையாக இல்லாவிட்டால், எங்கேயாவது வெட்டத்தான் செய்யும். தவறான கோணங்களும் ஓர் அழகான வெட்டுப்புள்ளியைத் தரும். அதனால் இரண்டு கோடுகளோடு நிறுத்தக் கூடாது.

செஞ்சியில் மூன்றாவது மலை தயாராக இருக்கிறது. சந்திரகிரிக்கு ஒரு கோணம் எடுத்து, அதே திருத்தங்களைச் செய்து, மூன்றாவது கோட்டைப் போடுங்கள். மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்காது. ஒரு சிறு முக்கோணம் வரும். அதன் பக்கம் 3 மி.மீ.க்குள் இருந்தால் திருப்தி. ஒரு செ.மீ.க்கு மேல் போனால் ஏதோ ஒன்று பெரிதாகப் பிசகியிருக்கிறது. முக்கோணத்தின் நடுவில் பொட்டு வைத்து முடித்துவிடாதீர்கள். முதலில் மலைப் பெயர்களைச் சரிபாருங்கள். அப்புறம் கழித்தல் கூட்டல். அப்புறம்தான் கோணத்தைத் திரும்ப எடுப்பது.

மூன்றாவது மலை இல்லாத இடத்தில் தரையைக் கேளுங்கள். வரைபடத்தின் பொட்டுக்கு அருகே என்ன இருக்கிறது? ஏரிக்கரை 300 மீட்டர் வடக்கே இருக்க வேண்டும் என்று தாள் சொன்னால், திரும்பிப் பார்த்தால் கரை தெரிய வேண்டும். சமஉயரக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் நீங்கள் சரிவில் நிற்க வேண்டும். பொட்டு ஏரித் தண்ணீருக்குள் விழுந்திருந்தால் சொல்லவே வேண்டாம். சாலையிலோ ஏரிக்கரையிலோ ஆற்றோரத்திலோ நின்றால் இன்னும் நல்லது. அந்தச் சாலையே ஒரு கோடு. ஒரே ஒரு மலைக் கோணம் அதை வெட்டும் இடம்தான் நம் இடம்.

கடைசியாக, பாறையே திசைகாட்டியை ஏமாற்றும் இடங்கள். சேலம் கஞ்சமலையிலும், திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் கவுத்திமலையிலும் காந்த இரும்புத்தாது இருக்கிறது. அப்படிப்பட்ட பாறையின் மேல் நின்று எடுத்த கோணத்துக்கு மதிப்பில்லை. மூன்று தடவை எடுத்தாலும் ஒரே தவறான எண்ணே வரும் என்பதால் சந்தேகமும் எழாது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கூட ஒருவரை அழைத்துக்கொண்டு, இருவரும் ஐம்பதடி தள்ளித் தள்ளி நில்லுங்கள். நீங்கள் அவரைப் பார்த்து ஒரு கோணம், அவர் அதே திசைகாட்டியில் உங்களைப் பார்த்து ஒரு கோணம். இரண்டுக்கும் வித்தியாசம் 180 இருக்க வேண்டும். 178, 182 என்றால் பரவாயில்லை. 170 என்று வந்தால் இரண்டில் ஒரு இடத்தில் ஊசி இழுபடுகிறது. அங்கிருந்து நகர்ந்து, மண் தரைக்குப் போய் மறுபடி எடுங்கள்.

நேரக் கணக்கு: வரைபடம் இறக்கி, அச்சிட்டு, வடக்குக் கோடு போடுவதற்கு ஒரு மாலைப்பொழுது. களத்தில் முதல் முறை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கை பழகிய பிறகு இரண்டு மலைக்கும் கோணம் எடுத்துக் கோடு இழுக்க ஐந்து நிமிடம் ஆகும், மூன்றாவது கோட்டுக்கு இன்னும் இரண்டு நிமிடம். முதல் சில தடவைகளுக்கு, பொட்டு வைத்த பின்னால் போனை எடுத்து ஜி.பி.எஸ். காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தாளில் குறித்து, இரண்டு பொட்டுகளுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். விலகல் எப்போதும் ஒரே பக்கமாக இருந்தால் திசைகாட்டியையோ காந்த விலகல் எண்ணையோ பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கமாக இருந்தால் கை இன்னும் பழக வேண்டும்.